இரண்டும் கேஸ் மாத்திரைதானா?

சித்தூரில் என் தாய்மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரை அட்டைகள் எப்போதும் இருக்கும். ஒன்று வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில், புதினா மணக்கும் பெரிய வட்ட மாத்திரை. மற்றொன்று உள்ளே சிறுமணிகள் நிறைந்த கேப்சூல். மாமாவுக்கு வயது அறுபத்தொன்று. இரவு உணவு முடிந்து பத்து மணி வாக்கில் படுத்தால் நெஞ்சு எரியும். புளியேப்பம் தொண்டை வரை வரும். திருப்பதியில் ஒரு மருத்துவர் பார்த்து இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதமாகியும் எரிச்சல் தணியவில்லை. "மருந்து நமக்கு ஒத்துவரலை" என்பது மாமாவின் முடிவு.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, எதை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "பெருசு காலையில வெறும் வயித்துல, தண்ணி ஊத்தி முழுங்கிடுவேன். சின்னது ராத்திரி எரிச்சல் வந்தா போட்டுப்பேன். பெருசுதானே பவர் ஜாஸ்தி, அதான் காலையில" என்றார். கேப்சூல் தொண்டையில் நிற்கிறது என்பதால் சில இரவுகளில் அதைப் பிரித்து, மணிகளைக் கரண்டியால் நசுக்கி மோரில் கலந்து குடித்ததாகவும் சொன்னார். மென்று தின்ன வேண்டியதை விழுங்கியிருக்கிறார். விழுங்க வேண்டியதை நசுக்கியிருக்கிறார். காலைக்குரியதை இரவிலும், தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டியதை ஒவ்வொரு நாள் காலையிலும் எடுத்திருக்கிறார். மருந்து வாங்கிய கடையில் விசாரித்தேன். அங்கிருந்த இளைஞர் கண்ணை உயர்த்தாமல் தெலுங்கில் பதில் சொன்னார்: "ரெண்டூ கேஸ் மாத்ரலே." இரண்டும் கேஸ் மாத்திரைதான்.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன், மொழியியல் மாணவன். ஆயினும் மாமாவுக்கு நேர்ந்ததை ஒரு மொழிச் சிக்கலாகவே பார்க்கிறேன். செயல்படும் இடம், நேரம், முறை ஆகிய மூன்றிலும் முற்றிலும் வேறுபட்ட இரு பொருள்களை ஒரே சொல் மூடிவிடுகிறது. அந்தச் சொல்லைத் திருத்தியிருக்க வேண்டிய அட்டையோ, வாங்குபவரிடம் எதுவுமே பேசுவதில்லை.

முதலில் பொருள்களைப் பார்ப்போம். ஜெலுசில், டைஜீன் போன்ற பெயர்களில் நாம் அறிந்த மெல்லும் மாத்திரைகளில் இருப்பவை பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகிய காரப்பொருள்கள். இவை இரைப்பையில் ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தோடு நேரடியாக வினைபுரிந்து அதன் வீரியத்தை முறிக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தையும் காரத்தையும் கலந்து பார்த்தோமே, அதே வினைதான். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும். அதனால் இரண்டையும் சேர்த்து ஒன்றை மற்றொன்றால் சமன் செய்கிறார்கள். வினை நடக்குமிடம் இரைப்பைக்குள் என்பதால் பலன் சில நிமிடங்களில் தெரியும். அதே காரணத்தால் விரைவில் தீர்ந்தும் போகும். வெறும் வயிற்றில் எடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து இரைப்பையை விட்டு இறங்கிவிடும். உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால், உணவு அதைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். மெல்லச் சொல்வது சுவைக்காக அன்று. பொடியானால்தான் மேற்பரப்பு பெருகி அமிலத்தோடு வேகமாகக் கலக்கும். முழுதாக விழுங்கப்பட்ட மாத்திரை கரையத் தொடங்கும்போதே அதற்கான நேரத்தில் பாதி போய்விடுகிறது.

கேப்சூலின் கதை வேறு. அதில் உள்ள ஒமெபிரசோல், பான்டோபிரசோல் போன்றவை இரைப்பையில் கிடக்கும் அமிலத்தைத் தொடுவதே இல்லை. உண்மையில் அமிலம் பட்டால் இவையே சிதைந்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு சிறுமணியின் மீதும் அமிலத்தில் கரையாத மேற்பூச்சு இருக்கிறது. மணிகள் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைந்து, மருந்து இரத்தத்தில் கலந்து, பின்புறமாகச் சுற்றி வந்து இரைப்பைச் சுவரின் உயிரணுக்களை அடைகிறது. அங்கே அமிலத்தை வெளித்தள்ளும் நுண்ணிய பம்புகள் உள்ளன. மருந்து அவற்றைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அதனால் பற்ற முடியும்; ஓய்ந்திருப்பவை தப்பிவிடும். பம்புகளைப் பெருமளவில் எழுப்பி விடுவது உணவு. மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்று அல்லது இரண்டு மணி நேரமே ஆகும். எனவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்கினால்தான், பம்புகள் விழிக்கும் வேளையும் மருந்து வந்துசேரும் வேளையும் பொருந்தும். ஒரே நாளில் எல்லாப் பம்புகளும் அகப்படாததால் முழுப் பலன் கிடைக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகிறது. ஒருமுறை முடங்கிய பம்பு மீள்வதில்லை. உடல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் மருந்து இரத்தத்தை விட்டு நீங்கிய பின்னும் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது.

ஒன்று தரையில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பது. மற்றொன்று குழாயை மூடுவது. குழாயை மூடினால் தரை உடனே காயாது. துடைத்துக்கொண்டே இருந்தால் குழாய் நிற்காது.

இப்போது மாமாவின் ஒரு நாளை மணிக்கணக்கில் பார்க்கலாம். காலை ஆறரைக்கு மெல்லும் மாத்திரையை முழுதாக விழுங்குகிறார். அப்போது எரிச்சலும் இல்லை, பெரிய அளவில் அமிலமும் இல்லை. ஏழரைக்குச் சிற்றுண்டி முடிவதற்குள் மருந்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இரவு ஒன்பதுக்கு உணவு; அப்போதுதான் பம்புகள் முழுவீச்சில் இயங்குகின்றன. பத்துக்கு எரிச்சல் தொடங்கியதும் கேப்சூலைப் போடுகிறார். வயிறு நிறைய உணவு இருப்பதால் மணிகள் சிறுகுடலை அடையவே நெடுநேரம் ஆகிறது. மருந்து இரத்தத்துக்கு வரும் நள்ளிரவில் பம்புகள் பலவும் ஓய்ந்துவிட்டன. நசுக்கிக் குடித்த இரவுகளிலோ மேற்பூச்சு உடைந்து, மருந்தின் பெரும்பகுதி இரைப்பை அமிலத்திலேயே வீணாயிற்று. இரண்டு மாதம் பணம் கொடுத்து வாங்கிய இரு நல்ல மருந்துகள், ஒன்று மற்றொன்றின் இடத்தில் நின்று, இரண்டுமே பயனற்றுப் போயின.

மருத்துவர் தவறு செய்யவில்லை. பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். கேப்சூலுக்கு நேரே "1-0-0, பி.எஃப்., 14 நாள்" என்றும், மெல்லும் மாத்திரைக்கு நேரே "எஸ்.ஓ.எஸ்." என்றும் எழுதியிருந்தது. பி.எஃப். என்பது உணவுக்கு முன் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். காலைச் சிற்றுண்டியின் ஆங்கிலச் சுருக்கமாகவும் அதைப் படிக்க இடமுண்டு. எஸ்.ஓ.எஸ். என்பது 'தேவை ஏற்படின்' எனப் பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். தமிழ் பேசும் நோயாளிக்கு, தெலுங்கு பேசும் ஊரில், ஆங்கிலத்தில் படித்த மருத்துவர், இலத்தீனில் எழுதிய செய்தி அது. அதை மாமாவின் மொழிக்குக் கொண்டுவரும் பொறுப்பு கடைப் பையனிடம் விடப்பட்டிருந்தது. அவர் காகித உறைகளின் மேல் ஒவ்வொன்றிலும் "1" என்று மட்டும் எழுதினார். இரண்டாம் முறை வாங்கும்போது சீட்டும் இல்லை. அட்டையைக் காட்டியே வாங்கியிருக்கிறார்.

அப்படியானால் அட்டை என்ன சொல்கிறது? நான் சித்தூரிலும் திருப்பதியிலும் வாங்கிப் பார்த்த அட்டைகளில் எழுத்துகளுக்குக் குறைவில்லை. மெல்லும் மாத்திரையில் "ஈச் ச்யூவபிள் டேப்லெட் கன்டெயின்ஸ்" என்று தொடங்கி உட்பொருள் பட்டியல் வருகிறது. கேப்சூலில் மருந்தின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் "ஆஸ் என்டெரிக் கோட்டட் பெல்லட்ஸ்" என்றிருக்கிறது. மொழியியல் மாணவனாக இதைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. 'மென்று தின்க' என்ற ஏவல், 'மெல்லத்தக்க' என்ற பெயரடையாகச் சுருங்கிப் பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டது. 'நசுக்காதே' என்ற எச்சரிக்கை, 'மேற்பூச்சுள்ள மணிகளாக' என்ற வருணனைக்குள் அடங்கிவிட்டது. வேதியியல் அறிந்தவர் அந்தப் பெயரடைகளிலிருந்து ஏவலை வருவித்துக்கொள்வார். மாமாவால் அது இயலாது. மருந்தளவு என்ற இடத்தில் கேப்சூல் அட்டையில் இருப்பது ஒரே தொடர்: மருத்துவர் கூறியபடி.

அந்தத் தொடருக்குக் காரணம் உண்டு. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒமெபிரசோலும் பான்டோபிரசோலும் அதில் உள்ளவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கலாகாது என்ற எச்சரிக்கை அவற்றின் மேல் அச்சிடப்பட வேண்டும். ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்த அட்டை நோயாளியை நோக்கிப் பேசுவதே இல்லை. விற்பவரையும், சோதிக்க வரும் ஆய்வாளரையும் நோக்கிப் பேசுகிறது. நோயாளியிடம் பேச வேண்டியவர் மருத்துவர் என்பது ஏற்பாடு. ஆனால் திருப்பதிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மலையிலிருந்து இறங்கி, பட்டினிக்குப் பின் பலகாரம் உண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் "கேஸுக்கு ஏதாவது குடுங்க" என்று தமிழிலும் தெலுங்கிலும் கேட்கிறார்கள். கத்தரிக்கோலால் நான்கு கேப்சூல்களை வெட்டிக் கொடுக்கிறார்கள். எச்சரிக்கையும் உட்பொருளும் இருந்த பகுதி பல வேளைகளில் கடையிலேயே தங்கிவிடுகிறது. இப்போது அந்த அட்டைக்கு முன்னிலையாக எவருமே இல்லை.

இதே ஒமெபிரசோல் 20 மில்லிகிராம் அமெரிக்காவில் 2003 முதல் சீட்டின்றி விற்கப்படுகிறது. அங்கே பெட்டியின் மேல் வாங்குபவரை நோக்கி வினைச்சொற்களாலேயே எழுதியிருக்கிறது. காலையில் உண்பதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்குக. நசுக்காதே, மெல்லாதே. 14 நாள் தொடர்ந்து எடுத்துக்கொள்க. முழுப் பலனுக்கு 1 முதல் 4 நாள் ஆகலாம். உடனடி நிவாரணத்துக்கு உரியதன்று. நான்கு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் இந்தச் சுற்றைத் திரும்பத் தொடங்காதே. மாமாவின் இரண்டு மாதத் துன்பத்துக்கு இந்த ஐந்தாறு வரிகளில் விடை இருந்திருக்கிறது. இங்கே மருந்து ஒன்றே. அதைச் சொல்லும் வாக்கியங்கள் மட்டும் இல்லை.

கடைசி இரண்டு வரிகளை யாரும் சிறியதாக எண்ண வேண்டாம். 2009இல் டென்மார்க்கில் வெளிவந்த ஓர் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இவ்வகை மருந்தை 8 வாரம் கொடுத்துப் பின் நிறுத்தினார்கள். மற்றதற்கு முழுதும் வெற்று மாத்திரை. நிறுத்திய பின் வந்த நான்கு வாரங்களில் மருந்து உண்ட குழுவில் 44 விழுக்காட்டினருக்கு அமிலம் சார்ந்த தொல்லை தோன்றியது. மற்றதில் 15 விழுக்காடு. நெடுநாள் அடக்கப்பட்ட சுரப்பு, தடை நீங்கியதும் முன்னிலும் மிகுந்து எழுகிறது. கேஸ் மாத்திரை என்ற பெயரில் மாதக்கணக்கில் கேப்சூல் உண்பவர் ஒருநாள் நிறுத்துகிறார், எரிகிறது, நோய் திரும்பிவிட்டதென்று மறுபடியும் தொடங்குகிறார். மருந்தே மருந்துக்கான காரணமாகிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 'கேஸ்' என்பது நம் பேச்சில் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, வயிற்றுப் பொருமல், ஏப்பம், சில நேரங்களில் மார்புவலி ஆகிய அனைத்தையும் குறிக்கிறது. தெலுங்கிலும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், வாயுவுக்கு உரிய மருந்து மெல்லும் மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் சிமெத்திகோன் மட்டுமே. அது நுரைக்குமிழிகளை ஒன்றுசேர்த்து உடைக்கிறது. ஒமெபிரசோல் கேப்சூலில் வாயுவுக்கென்று எதுவும் இல்லை. இந்தச் சொற்குழப்பத்தின் கொடிய முகம் வேறு. மார்பில் அழுத்தம், வியர்வை, தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவற்றை 'கேஸ்' என்று எண்ணி மாத்திரை போட்டுக் காத்திருக்கும் ஒரு மணி நேரம், மாரடைப்பில் உயிரைப் பறிக்கும் நேரமாகலாம். கறுத்த மலம், காரணமற்ற எடைக்குறைவு, விழுங்குவதில் தடை ஆகியவையும் இரண்டு அட்டைகளில் எதற்கும் உரியவை அல்ல. மருத்துவரிடம் போக வேண்டியவை.

பெயர்களிலிருந்து ஓரளவு அறிய வழியுண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் மருந்துகளின் பொதுப் பெயர்களுக்கு விகுதிகள் வகுத்துள்ளது. பம்பை முடக்குபவை 'பிரசோல்' என்று முடியும். வேறொரு வழியில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபாமோடிடின் முதலியவை 'டிடின்' என்று முடியும். ஆனால் இந்த உருபனியலிலும் பொறி உண்டு: மனநோய்க்குத் தரப்படும் அரிபிபிரசோல் 'பிபிரசோல்' என்ற வேறு விகுதி பெற்றது. வணிகப் பெயரின் இறுதியில் வரும் 'டி' என்ற ஓரெழுத்து இன்னும் நுட்பமானது. அது பெரும்பாலும் டோம்பெரிடோன் என்ற இரண்டாம் மருந்து சேர்ந்திருப்பதைக் குறிக்கும். குமட்டலுக்கான அந்த மருந்தை இதயத் துடிப்புச் சீர்கேட்டின் அபாயம் கருதி ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாமென 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவுறுத்தியது. மாமாவின் கேப்சூலிலும் அந்த 'டி' இருந்தது. இரண்டு மாதம் உண்ட பின்னரே, உள்ளே இன்னொரு மருந்தும் உண்டென்று அவருக்குத் தெரிந்தது.

நோயாளிக்கு வழிமுறையை அச்சிட்டுக் கொடுத்தால் சீட்டின்றி வாங்குவதை ஊக்குவிப்பதாகும் என்று ஒரு மருந்தியல் நண்பர் மறுத்தார். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் 'உணவுக்கு முன் விழுங்குக' என்பது யார் உண்ணலாம் என்று தீர்ப்பளிக்கவில்லை. சீட்டோடு வாங்கியவருக்கும் அதே வாக்கியம் தேவை. மாமா சீட்டோடு வாங்கியவர்தான். அட்டையில் இடமில்லை, இத்தனை மொழிகளில் அச்சிட இயலாது என்பதும் ஏற்கத்தக்கதே. 2023 ஆகஸ்டு முதல் 300 முன்னணி வணிகப் பெயர்களில் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதன் வழியே தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் முதலியன கிடைக்கும். போலி மருந்தைக் கண்டறிய அது உதவும். எப்படி உண்பது என்பதை அந்தக் கட்டாயப் பட்டியலில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை மொழிகளுக்கும் அங்கே இடமிருந்திருக்கும்.

சட்டம் மாறக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் மாத்திரை போட்டுத் தரும் அந்தக் காகித உறை. அதன் மேல் குத்த இரண்டு ரப்பர் முத்திரைகள் போதும், தெலுங்கிலும் தமிழிலும். ஒன்றில்: "மென்று தின்னவும். எரிச்சல் இருக்கும்போது மட்டும்." மற்றொன்றில்: "மெல்லாமல், நசுக்காமல் விழுங்கவும். உணவுக்கு அரை மணி முன். ___ நாள் மட்டும்." அந்தக் கோட்டில் சீட்டைப் பார்த்து எண்ணை நிரப்ப வேண்டும். சீட்டில்லாதவருக்கு நிரப்ப எண் இருக்காது. அந்த வெற்றிடமே விற்பவருக்கு ஒரு கேள்வியாகட்டும். பெயரும் தேவையென்றால், நஞ்சுமுறிவு என்ற சொல்லாட்சி நமக்குப் புதிதன்று. முன்னதை அமிலமுறிப்பான் என்றும் பின்னதைச் சுரப்புத்தடுப்பி என்றும் சொல்லலாம். கலைச்சொல் நிலைக்காவிட்டாலும் பரவாயில்லை. 'மெல்', 'விழுங்கு' என்ற இரண்டு வினைகள் நிலைத்தால் போதும்.

மாமாவை மறுபடியும் அதே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் 'டி' இல்லாத மருந்தாக மாற்றி, 14 நாள் என்று எழுதினார். இரவு உணவை எட்டுக்கு முன்னதாக முடிக்கச் சொன்னார். இப்போது ஆறரைக்கு விழுங்கி, ஏழு மணி கடந்த பின்பே மாமா சாப்பிட உட்காருகிறார். மெல்லும் மாத்திரை எரிச்சல் வரும் இரவுக்கு மட்டும். முதல் மூன்று நாள் வழக்கம்போல் எரிந்தது. "பாத்தியா, இதுவும் வேலை செய்யலை" என்றார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு மெல்லும் மாத்திரையை அவர் தேடவில்லை. ஒருவருடைய அனுபவம் ஆய்வுச் சான்றாகாது என்பதை அறிவேன். ஆனால் அந்த முதல் மூன்று நாளில் அவர் மருந்தை நிறுத்தாதிருந்ததற்கு ஒரே காரணம், பலன் தெரிய நாளாகும் என்று யாரோ அவருடைய மொழியில் முன்பே சொல்லியிருந்ததுதான்.

இதைப் படிக்கும் நண்பர்கள் உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் அட்டைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் வாங்குபவரை நோக்கி வினைச்சொல் ஒன்றேனும் இருக்கிறதா, இருந்தால் எம்மொழியில் என்று இங்கே எழுதுங்கள். அதற்கு முன் வீட்டில் அதை உண்பவரிடம், எப்படி உண்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.